நிலையற்ற துருவத்தை கன்ட்ரோலர் ஜீரோவால் அடித்துவிட்டால் என்ன குறை?

நந்து_கன்ட்ரோல் · ஜூன் 3, இரவு 9:12

பிளான்ட் `G = 1/(s-2)`. வலப்பக்கம் +2இல் ஒரு துருவம். கன்ட்ரோலரை `C = 5(s-2)/s` என்று வைத்தேன். பெருக்கும்போது (s-2) மேலும் கீழும் அடிபட்டு `L = 5/s` மட்டும் மிஞ்சுகிறது. மூடிய சுற்று `5/(s+5)`. ஸ்டெப் கொடுத்தால் ஓவர்ஷூட்டே இல்லாமல் 0.8 வினாடியில் உட்கார்ந்துவிடுகிறது. ஸ்டெடி ஸ்டேட் பிழை இல்லை, ஃபேஸ் மார்ஜின் 90 டிகிரி. சாதாரண பி-ஐ போட்டுப் பார்த்ததில் இந்த அழகு வரவில்லை.

இப்படிச் செய்யக்கூடாது என்று எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். காரணம் கேட்டால் "துருவம் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாது" என்கிறார்கள். எனக்குத் துல்லியமாகத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன குறை?

ராகவ்_மெகா · ஜூன் 3, இரவு 10:05

துல்லியம்தான் முழு விஷயமும். ஜீரோவை 2க்குப் பதில் 2.1இல் வைத்துப் பாருங்கள். சிறப்புச் சமன்பாடு `s(s-2) + 5(s-2.1) = s^2 + 3s - 10.5`. மூலங்கள் 2.07, -5.07. துருவம் 2இல் கிளம்பி 2.1இல் இருக்கும் ஜீரோவை நோக்கி நகர்கிறது, அந்தச் சின்ன இடைவெளியிலேயே மாட்டிக்கொள்கிறது. கெயினை 5இலிருந்து 500 ஆக்கினாலும் இடப்பக்கம் வராது, ஏனென்றால் கடைசி உறுப்பு எப்போதும் மைனஸ்.

ஆக, துல்லியமாகத் தெரிந்தால் உங்கள் டிசைன் சரி. டிஜிட்டல் கன்ட்ரோலராக இருந்தால் துருவத்தை ஓட்டத்திலேயே கணித்து ஜீரோவை அதன் பின்னால் நகர்த்திக்கொண்டே போகலாம்.

சுழிவேட்டை · ஜூன் 4, காலை 6:40

ராகவ் கணக்கு சரி, முடிவு தவறு. ஜீரோ பத்துத் தசம இடத்துக்குப் பொருந்தினாலும் நந்துவின் சுற்று நிலையற்றதுதான். டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனை ஓரமாக வைத்துவிட்டு நிலைமாறிகளை எழுதிப் பாருங்கள்.

பிளான்ட்டின் நிலை x. கன்ட்ரோலருக்குள் இருக்கும் இன்டக்ரேட்டர் z. `C = 5 - 10/s` என்பதால்:

```
x' = 2x + u
u  = 5(r - x) + z
z' = -10(r - x)
```

இப்போது `w = z + 2x` என்று ஒரு கூட்டுத்தொகை எடுங்கள். அதன் மாறுவீதத்தைக் கணக்கிட்டால் r உள்ள உறுப்புகள் ஒன்றையொன்று தின்றுவிட்டு `w' = 2w` என்று மட்டும் நிற்கும். w-ஐ r தொடவே முடியாது. அதனால்தான் r-இலிருந்து y-க்குப் போகும் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனில் +2 காணவில்லை. துருவம் போய்விடவில்லை. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சிமுலேஷனில் x, z இரண்டும் பூஜ்ஜியத்தில் கிளம்புகின்றன. எனவே w = 0. பூஜ்ஜியத்தை எத்தனை மடங்கு பெருக்கினாலும் பூஜ்ஜியம். `x(0) = 0.001` என்று மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். w 0.002இல் கிளம்பும், x-இல் அதன் பங்கு `w/7`. சுமார் 4 வினாடியில் அந்தப் பங்கு 1-ஐத் தாண்டிவிடும்.

நந்து_கன்ட்ரோல் · ஜூன் 4, காலை 8:15

ஓட்டினேன். 4.1 வினாடியில் 1-ஐத் தாண்டியது, அதற்கு மேல் படத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. ஆனால் தொடக்க நிலையைப் பூஜ்ஜியமாக்கி ஓட்டினால் 10 வினாடி வரை பிசிறே இல்லை. அப்படியென்றால் தொடங்கும் முன் x-ஐயும் z-ஐயும் சரியாக அமைத்துவிட்டால் போதுமா? z = -2x என்று வைத்துக் கிளப்பினால்?

சுழிவேட்டை · ஜூன் 4, காலை 8:50

கிளப்பலாம். அப்புறம் யாரும் அந்தப் பிளான்ட்டை மூச்சு விட்டும் தொடக்கூடாது. பிளான்ட்டின் உள்ளீட்டில் d என்று ஒரு தொந்தரவு வந்தால் `w' = 2w + 2d`. r-ஆல் தொட முடியாத மாறியை d நேராகவே தொடுகிறது. d = 0.01 என்ற மாறா ஆஃப்செட் போதும், ஆம்ப்ளிஃபையரில் அதைவிடக் குறைவாக இருந்தால் அதிர்ஷ்டம். வெளியீடு `(0.01/7)(e^(2t) - e^(-5t))`. 3.3 வினாடியில் 1.

சிமுலேஷனை 10 வினாடியில் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். இரட்டைத் துல்லியத்தில் ரவுண்டிங் பிழை சுமார் 1e-16. அது e^(2t) வேகத்தில் 1 ஆக 18 வினாடி சொச்சம் ஆகும். எப்போது வெடிக்கும் என்பது சால்வரையும் எண்களையும் பொறுத்து முன்பின் ஆகும். எண்கள் ரொம்ப நேர்த்தியாக அமைந்துவிட்டால் அதையும் தாண்டி அமைதியாக இருக்கலாம். அந்த அமைதியை நம்பாதீர்கள்.

சால்வர் டாலரன்ஸை இறுக்குவதால் இது மாறாது. ரங்கே-குட்டா வகை சால்வர் நேரியல் அமைப்பில் z = -2x என்ற கோட்டிலிருந்து தானாக விலகாது. எத்தனை பெரிய ஸ்டெப் எடுத்து எத்தனை பிழை செய்தாலும் அந்தப் பிழையும் அதே கோட்டின் மேலேயே விழும். கோட்டை விட்டு இறக்குவது ரவுண்டிங் மட்டும். எனவே டாலரன்ஸை மாற்றியும் பதில் மாறவில்லை, ஆகவே டிசைன் சரி என்ற வாதம் இங்கே செல்லாது.

டிடெக்டர்_தேவி · ஜூன் 4, பகல் 1:30

தலைப்பைப் பார்த்து வந்தேன். எங்கள் காமா ஸ்பெக்ட்ரோஸ்கோபி ஆம்ப்ளிஃபையரில் பி-இசட் என்றே ஒரு ட்ரிம்மர் உண்டு. ப்ரீஆம்ப்பின் 50 மைக்ரோவினாடி வாலை ஒரு ஜீரோவால் அடித்துவிடுவோம். அடிக்காவிட்டால் பல்ஸுக்குப் பின்னால் அண்டர்ஷூட் வந்து, எண்ணிக்கை வீதம் கூடும்போது அடுத்த பல்ஸ் அந்தக் குழிக்குள் உட்கார்ந்து ஆற்றல் குறைவாகப் பதிவாகும். ஆஸிலோஸ்கோப்பில் பேஸ்லைன் தட்டையாகும் வரை திருகுவோம், வருஷக்கணக்கில் நன்றாகத்தான் ஓடுகிறது. இதில் என்ன ஆபத்து?

சுழிவேட்டை · ஜூன் 4, பகல் 2:10

உங்களுடையது வேறு சங்கதி மேடம். அந்தத் துருவம் இடப்பக்கம் இருக்கிறது, அடிபடாமல் மிஞ்சினாலும் தானாகவே தேய்ந்துபோகும். திருகு கொஞ்சம் தப்பினால் வால் கொஞ்சம் நீளும், அதோடு சரி. பின்னூட்டமும் இல்லை, சங்கிலி ஒரே திசையில்தான் போகிறது. இங்கே பேசுவது தேயாமல் வளரும் துருவத்தை.

மின்_மலர் · ஜூன் 4, மாலை 6:20

கருவி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். மேட்லாப், ஆக்டேவ் இரண்டிலும்:

```
s = tf('s');
G = 1/(s-2);
C = 5*(s-2)/s;
T = feedback(C*G, 1);
pole(T)           % 2, -5
pole(minreal(T))  % -5
pole(feedback(G, C))  % 2, -5
```

`feedback` தானாக எதையும் அடிப்பதில்லை. +2-ஐ அது காட்டத்தான் செய்கிறது. அழிப்பது `minreal`. கடைசி வரி பிளான்ட் உள்ளீட்டுத் தொந்தரவிலிருந்து y வரை. அதற்கு `minreal` போட்டாலும் 2 போகாது, அதை அடிக்க மேலே எதிர் ஜீரோ கிடையாது.

நந்து, உங்கள் ஸ்கிரிப்டில் `minreal` இருக்கிறதா?

நந்து_கன்ட்ரோல் · ஜூன் 4, மாலை 7:02

இருக்கிறது. காரணமும் உண்டு. நான் `feedback` போடவில்லை, `T = C*G/(1+C*G)` என்று எழுதுகிறேன். அப்படி எழுதினால் தேவையில்லாத துருவங்கள் கூட வந்துவிடுகின்றன, நிலையான சுற்றைக்கூட நிலையற்றது என்று காட்டுகிறது. `minreal` போட்டால் சரியாகிவிடும் என்று படித்தேன்.

மின்_மலர் · ஜூன் 4, மாலை 7:45

அங்கேதான் கோளாறு. `C*G/(1+C*G)` என்று எழுதும்போது திறந்த சுற்றின் பகுதி இரண்டு முறை வருகிறது. உங்கள் எண்களில் பகுதி `s(s-2)(s-2)(s+5)`. அதில் `s`, ஒரு `(s-2)` இரண்டும் எழுதிய விதத்தால் வந்த போலிகள். இன்னொரு `(s-2)` அசல். தொகுதியிலும் `s(s-2)(s-2)` நிற்கிறது. `minreal`-க்கு போலி எது, அசல் எது என்று தெரியாது, மூன்றையும் துடைத்துவிடுகிறது. போலியைக் களைய வாங்கிய மருந்து அசலையும் சேர்த்துக் கொன்றுவிட்டது.

`feedback` பயன்படுத்தினால் போலி வராது. போலி இல்லையென்றால் `minreal` தேவையே இல்லை. மூடிய சுற்றில் `minreal` போட்டே ஆகவேண்டும் என்று தோன்றினால், அதற்கு முன் அடிக்காத சிறப்புப் பல்லுறுப்பின் மூலங்களைப் பாருங்கள்:

```
roots(conv([1 -2],[1 0]) + [0 5 -10])
```

முதல் பாதி இரண்டு பகுதிகளின் பெருக்கல், அடுத்தது இரண்டு தொகுதிகளின் பெருக்கல். G, C ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்றோடொன்று அடிக்கக்கூடாது. இதன் மூலங்களில் ஒன்றாவது வலப்பக்கம் இருந்தால் பேச்சு முடிந்தது.

பழைய_கவர்னர் · ஜூன் 5, காலை 5:55

நைக்விஸ்ட் போடுபவர்களுக்கும் இதே கண்ணி. `L = 5/s` என்று அடித்துவிட்டு வரைந்தால் வலப்பக்கத் துருவம் P = 0, சுற்று எண்ணிக்கை 0, ஸ்டேபிள் என்று வரும். P-ஐ அடிக்காத G, C-யிலிருந்து எண்ணவேண்டும்: P = 1. அப்போது -1-ஐ ஒருமுறை இடஞ்சுழியாகச் சுற்றியாக வேண்டும். 5/s எந்தக் கெயினிலும் சுற்றாது. நந்து முதலில் சொன்ன 90 டிகிரி ஃபேஸ் மார்ஜின் இந்த அழகில் வந்ததுதான். போடே படத்தில் +2இன் தடயமே இருக்காது.

பாய்லர்_மணி · ஜூன் 5, காலை 10:30

எங்கள் ஆலையில் எல்லா வெப்பநிலை லூப்புக்கும் லாம்டா டியூனிங்தான். அதில் Ti-ஐப் பிளான்ட் டைம் கான்ஸ்டன்ட்டுக்குச் சமமாக வைக்கச் சொல்கிறார்கள், அதாவது துருவத்தை அடித்துவிடுகிறோம். ஓவன் ஒன்று: கெயின் ஒரு சதவீதத்துக்கு 2 டிகிரி, டைம் கான்ஸ்டன்ட் 600 வினாடி. லாம்டா 60 வைத்து Kc = 5, Ti = 600. செட்பாயின்ட் மாற்றினால் நாலு நிமிஷத்தில் போய் நிற்கிறது. கதவு திறந்து மூடினாலோ லோட் மாறினாலோ மட்டும் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. இதுவும் நீங்கள் சொல்லும் ஒளிந்த துருவமா?

மின்_மலர் · ஜூன் 5, மதியம் 12:05

ஆமாம் அண்ணே, அதே சங்கதி, ஆனால் ஆபத்தில்லாத வகை. உங்கள் எண்களிலேயே லோட் பக்கம் `120s/((600s+1)(60s+1))`. செட்பாயின்டிலிருந்து பார்த்தால் 60 மட்டும். லோடிலிருந்து பார்த்தால் அடிபட்டதாக நினைத்த 600 அப்படியே உட்கார்ந்திருக்கிறது. லோட் 10 சதவீதம் மாறினால் சுமார் இரண்டரை நிமிஷத்தில் 1.5 டிகிரி விலகல், பத்து நிமிஷம் கழித்தும் 0.8 டிகிரி மிச்சம்.

Kc-ஐத் தொடாதீர்கள், Ti-ஐ மட்டும் 240 ஆக்குங்கள். சிறப்புச் சமன்பாடு `600s^2 + 11s + 0.0417` ஆகும், டைம் கான்ஸ்டன்ட்கள் சுமார் 187, 77 வினாடி. லோட் மீட்சி மூன்று மடங்கு வேகம். பதிலுக்கு செட்பாயின்டில் கொஞ்சம் ஓவர்ஷூட் வரும். 240 எங்கிருந்து வந்தது என்றால் 4 × லாம்டா. ஸ்கோகெஸ்டாட் 2003இல் சொன்ன விதி இதுதான்: Ti என்பது டைம் கான்ஸ்டன்ட், அல்லது லாம்டாவும் டெட் டைமும் சேர்ந்ததன் நாலு மடங்கு, இரண்டில் சிறியது. உங்கள் ஓவனில் டெட் டைம் சொல்லும்படி இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பாய்லர்_மணி · ஜூன் 5, மாலை 4:40

டெட் டைம் 15 வினாடி இருக்கும். அப்போ Ti 300. நாளைக்கு ஒரு ஜோனில் மட்டும் வைத்துப் பார்க்கிறேன். ப்ரொடக்ஷன்காரன் ஓவர்ஷூட்டைப் பார்த்தால் கத்துவான்.

சுழிவேட்டை · ஜூன் 5, இரவு 9:20

ஓவர்ஷூட் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. நந்துவின் முதல் பதிவிலேயே துப்பு இருக்கிறது. பிளான்ட்டில் வலப்பக்கத் துருவம் p இருந்து, r-y என்ற பிழையை மட்டும் பார்க்கும் கன்ட்ரோலர் சுற்றை உள்ளும் புறமும் நிலைப்படுத்தியிருந்தால், ஸ்டெப் ரெஸ்பான்ஸில் ஓவர்ஷூட் வந்தே தீரும். தவிர்க்க முடியாது. ஏனென்றால் அப்போது சென்சிடிவிட்டி S-க்கு s = p-இல் ஜீரோ உண்டு, அதன் விளைவு:

```
∫ e(t) e^(-pt) dt = 0    (0 முதல் முடிவிலி வரை)
```

எடை எப்போதும் ப்ளஸ். தொகை பூஜ்ஜியமாக வேண்டுமென்றால் e எங்காவது மைனஸ் ஆகவேண்டும், அதாவது y எல்லையைத் தாண்டவேண்டும்.

நந்துவின் e = e^(-5t). மைனஸே கிடையாது, தொகை 1/7. அடித்துவிட்டதால் S(2) பூஜ்ஜியமாகாமல் 2/7 ஆகிவிட்டது. எனவே நிலையற்ற பிளான்ட்டில், ப்ரீஃபில்டர் எதுவும் இல்லாமல், ஓவர்ஷூட் இல்லாத ஸ்டெப் ரெஸ்பான்ஸை யாராவது காட்டினால் துருவத்தை எங்கே ஒளித்தார்கள் என்று உடனே கேட்கலாம்.

அடிக்காத பி-ஐ எப்படி வரும் என்றால்: `u = 8e + 9∫e`. சிறப்புச் சமன்பாடு `s^2 + 6s + 9`, இரண்டு துருவமும் -3இல். ஸ்டெப்புக்கு `y = 1 + (5t - 1)e^(-3t)`. 0.53 வினாடியில் 34 சதவீத ஓவர்ஷூட். `(1-5t)e^(-5t)`-ஐத் தொகையிட்டுப் பாருங்கள், 1/5 - 5/25, சரியாகப் பூஜ்ஜியம்.

நந்து பி-ஐயில் "அழகு வரவில்லை" என்றது இந்த 34-ஐத்தான் என்று நினைக்கிறேன். அது பி-ஐயின் குறையல்ல, பிளான்ட் கேட்கும் கூலி.

நந்து_கன்ட்ரோல் · ஜூன் 5, இரவு 10:11

34 இல்லை, என்னுடையதில் 41. கெயின் வேறு. ஆனால் செட்பாயின்டில் இத்தனை ஓவர்ஷூட்டை எப்படி ஏற்பது?

சுழிவேட்டை · ஜூன் 5, இரவு 10:30

சுற்றுக்கு வெளியே, r-இன் பாதையில் `9/(8s+9)` என்று ஒரு ஃபில்டர். மூடிய சுற்றின் ஜீரோ -1.125இல் இருக்கிறது, அதை அடித்துவிடும். r-இலிருந்து y வரை `9/(s+3)^2`, ஓவர்ஷூட் இல்லை. இதுவும் அடிப்பதுதான், ஆனால் இடப்பக்கம், சுற்றுக்கு வெளியே. தப்பினாலும் ஒன்றும் ஓடிப்போகாது. மேலே சொன்ன தொகை விதி உடையவில்லை, e இப்போது ஃபில்டர் ஆன r-க்கும் y-க்கும் இடையில் உள்ளது.

ராகவ்_மெகா · ஜூன் 6, காலை 9:00

சரி, d பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வன்பொருளில் துல்லியமின்மைதானே முதலில் கொல்லும்? உருண்டையைத் தொங்கவிடும் மேக்லெவ் எடுங்கள். மின்காந்த விசை (i/x)-இன் வர்க்கத்துக்கு நேர் விகிதம், எனவே மின்னோட்டத்தை உள்ளீடாக எடுத்தால் துருவங்கள் ±sqrt(2g/x0). இடைவெளி 10 மி.மீ. என்றால் ±44.3 ரேடியன்/வினாடி. 9 மி.மீ. ஆனால் 46.7. 11 மி.மீ. ஆனால் 42.2. உருண்டை ஒரு மி.மீ. நகர்ந்தாலே துருவம் நகர்கிறது. எந்த எண்ணை வைத்து அடிப்பது?

பழைய_கவர்னர் · ஜூன் 6, காலை 11:25

தம்பி, அந்த உருண்டையிலும் முதலில் கொல்வது துல்லியமின்மை இல்லை. 44.3-ஐக் கச்சிதமாக அடித்தே விட்டோம் என்று வைத்துக்கொள். ஒரு மைக்ரோமீட்டர் விலகல் ஆயிரம் மடங்காக 6.9/44.3, அதாவது 0.16 வினாடி. அதற்குள் உருண்டை இடம் மாறி, துருவமும் மாறி, நீ சொன்னது அப்புறம்தான் நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரி: உருண்டை காந்தத்தில் ஒட்டியிருக்கும், இல்லை கீழே கிடக்கும்.

ஓட்டத்திலேயே கணித்து ஜீரோவை நகர்த்தும் யோசனையும் உதவாது. அதிகபட்சம் நந்துவின் கச்சிதமான நிலைக்குக் கொண்டுபோய் விடும். அங்கேதான் w' = 2w இருக்கிறதே.

டிடெக்டர்_தேவி · ஜூன் 6, மாலை 5:15

இன்னொரு கேள்வி, இந்த முறை தலைப்புக்குள்தான். இதுவரை பிளான்ட் துருவத்தை கன்ட்ரோலர் ஜீரோ அடித்தது. தலைகீழாகச் செய்தால்? பிளான்ட்டில் வலப்பக்க ஜீரோ, அதை கன்ட்ரோலரின் வலப்பக்கத் துருவம் அடிக்கிறது.

பழைய_கவர்னர் · ஜூன் 6, இரவு 8:40

அது எங்கள் பேட்டை. நீர்மின் டர்பைன். பென்ஸ்டாக்கில் தண்ணீரின் இனெர்ஷியா காரணமாக, கேட்டைத் திறந்தால் பவர் முதலில் இறங்கி அப்புறம்தான் ஏறும். இழப்பில்லாத மாடல் `(1 - Tw s)/(1 + 0.5 Tw s)`. Tw = 2 வினாடி என்றால் ஜீரோ +0.5இல்.

அந்த இறக்கம் பிடிக்கவில்லை என்று கன்ட்ரோலரில் `1/(1-2s)` வைத்தால் r-இலிருந்து y வரை வழுவழுப்பாக ஏறும். இங்கே ஒளிந்திருப்பது y-இல் தெரியாது, u-இல் தெரியும். y-ஐ மட்டும் பிளாட் செய்பவனுக்குக் கடைசிவரை தெரியாது. தொடக்க நிலை, தொந்தரவு எதுவும் வேண்டாம், செட்பாயின்டை மாற்றியதுமே கேட் சிக்னல் e^(0.5t) வேகத்தில் ஓடத் தொடங்கும். 1.4 வினாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

திசையைப் பாருங்கள்: மூடும் திசையில். கேட்டை மூடினால் பவர் ஒரு கணம் கூடும், எனவே பவரைக் கூட்டி வைக்க இன்னும் வேகமாக மூடு, இன்னும் வேகமாக மூடு என்று கணிதம் சொல்கிறது. நேரியல் மாடலில் கேட் மைனஸுக்குப் போயும் பவர் வந்துகொண்டே இருக்கும். நிஜத்தில் கேட் முழுக்க மூடியதும் ஆட்டம் முடிந்தது, அதுவும் அந்த வேகத்தில் மூடினால் பென்ஸ்டாக்கில் அழுத்தம் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால்தான் கவர்னரில் அடிக்க முயலாமல், டிரான்சியன்ட் ட்ரூப் வைத்து லூப்பை மெதுவாக்குகிறோம். அந்த இறக்கத்தோடு வாழவேண்டியதுதான்.

மின்_மலர் · ஜூன் 6, இரவு 9:30

இதிலிருந்து எதைப் பார்க்கவேண்டும் என்பது தெளிவாகிறது. r-y ஒன்று போதாது. S, T, G·S, C·S நான்கையும் பாருங்கள். நந்து கேஸில் பிடிப்பது G·S. கவர்னர் ஐயா சொன்ன கேஸில் G·S சுத்தமாக இருக்கும், பிடிப்பது C·S. ரோபஸ்ட் கன்ட்ரோல் டூல்பாக்ஸ் இருந்தால் `loopsens(G,C)` போட்டு `Stable` என்ற புலத்தைப் பார்த்தால் போதும். இல்லையென்றால் முன்பு கொடுத்த `roots` வரி இரண்டு கேஸையும் பிடிக்கும்.

ராகவ்_மெகா · ஜூன் 7, காலை 7:50

எல்லைக்கோடு எங்கே போடுவது? +2-ஐ அடிக்கக்கூடாது, ஓவனின் -1/600-ஐ அடித்தால் மந்தம், டிடெக்டர் வாலை அடிக்கலாம். நடுவில் உள்ளதற்கு என்ன செய்வது? வளையும் கை ஒன்று, அதிர்வு 30 ரேடியன்/வினாடி, டேம்பிங் 0.01. நாட்ச் போட்டு அடிக்கிறோம். இடப்பக்கம்தான், நிலையானதுதான்.

சுழிவேட்டை · ஜூன் 7, காலை 8:35

நாட்ச் போட்டால் அந்த அதிர்வின் டேம்பிங் 0.01-ஆகவே நிற்கும், சுற்று அதற்கு எதுவும் செய்யாது. தேய்வு டைம் கான்ஸ்டன்ட் 1/0.3, சுமார் 3.3 வினாடி. கமாண்ட் அதைக் கிளப்பாது. யாராவது கையைத் தட்டினால் 13 வினாடி ஆடும். நான் போடமாட்டேன். அதைவிடச் சுற்றால் டேம்பிங் கொடுப்பேன்.

பழைய_கவர்னர் · ஜூன் 7, காலை 9:20

யாரும் தட்டாத இடத்தில் இருந்தால்? கமாண்ட் மட்டும்தான் கிளப்பும் என்றால் நாட்ச் போதும், எத்தனையோ இயந்திரங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. டேம்பிங் கொடுக்கப் போனால் அந்த அலைவெண்ணில் ஃபேஸ் சரியாகத் தெரியவேண்டும், சென்சார் கையின் நுனியில் இருக்கிறதா மோட்டாரில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அடையாளமே மாறும். தப்பினால் நிலையான மோடை நீங்களே வலப்பக்கம் தள்ளிவிடுவீர்கள்.

சுழிவேட்டை · ஜூன் 7, காலை 9:41

சென்சார் மோட்டாரிலேயே இருந்தால் அந்தப் பயம் குறைவு. நுனியில் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் "யாரும் தட்டாத இடம்" என்று ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

பாய்லர்_மணி · ஜூன் 7, மாலை 6:05

Ti 300 வைத்தாச்சு. லோட் மீட்சி கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. ஓவர்ஷூட்டுக்குக் கத்தினான், செட்பாயின்டை ராம்ப்பில் கொடுக்கிறேன் என்றதும் போய்விட்டான்.

நந்து_கன்ட்ரோல் · ஜூன் 7, இரவு 9:50

8, 9 பி-ஐ, ப்ரீஃபில்டரோடு. d = 0.01 கொடுத்தேன், x(0) = 0.001 கொடுத்தேன், இரண்டிலும் திரும்பி வருகிறது. ஆக்சுவேட்டர் எல்லை |u| ≤ 3 என்று வைத்தேன். ப்ரீஃபில்டர் உள்ளபோது ஸ்டெப்புக்குப் பிரச்சினை இல்லை. ப்ரீஃபில்டரை எடுத்துவிட்டால் u முதல் கணமே 8 கேட்கிறது, சாச்சுரேட் ஆகிறது. அதற்கு ஆன்டி-வைண்டப் போட்டால் போதுமா?

சுழிவேட்டை · ஜூன் 7, இரவு 10:20

`x' = 2x + u`, u அதிகபட்சம் 3. x 1.5-ஐத் தாண்டிவிட்டால் 2x என்பது 3-ஐ மிஞ்சிவிடும், உலகத்தில் எந்தக் கன்ட்ரோலராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. r = 1இல் நிற்பதற்கே u = -2 வேண்டும், கையில் மிச்சம் 1 மட்டும். எல்லையே இல்லாமல் ஓட்டியபோது உச்சம் 1.34. ஆன்டி-வைண்டப் அவசியம் போடுங்கள். ஆனால் முதலில் உங்கள் வேலைக்கு r எவ்வளவு தூரம் போகும், d எவ்வளவு பெரிதாக வரும் என்ற இரண்டு எண்ணையும் போடுங்கள், அப்புறம் ஆக்சுவேட்டர் போதுமா என்று பார்க்கலாம்.

நந்து_கன்ட்ரோல் · ஜூன் 7, இரவு 10:33

r 1.2 வரை. d தெரியாது, அளந்துவிட்டுச் சொல்கிறேன்.